செம்பு வரைபடம் விழுந்தது, கம்பி விலை அசையவில்லை

கேள்வி: திருகோணமலை ஏகாம்பரம் வீதியில் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். கொழும்புப் பங்குச்சந்தையில் வங்கிப் பங்குகளும் கேபிள் கம்பனிப் பங்குகளும் கொஞ்சம் இருக்கின்றன. செம்பு விலை விழுந்தால் பின்னாலேயே பங்குகளும் விழும், அதனால்தான் அதை "டொக்டர் கொப்பர்" என்கிறார்கள் என்று ஒரு கூட்டாளி சொன்னார். அன்றிலிருந்து போனில் HG1! வரைபடத்தைப் பார்த்து வந்தேன். 2025 ஜூலை 31 காலை எழும்பிப் பார்த்தால் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விழுந்து கிடந்தது. பயத்தில் அன்றே பாதிப் பங்குகளை விற்றுவிட்டேன். கொழும்பு விழவில்லை, ஏறித்தான் போனது. இந்த வரைபடத்தை எந்த அளவுக்கு நம்பலாம், ஐயா?

பதில்:

அந்த வியாழக்கிழமை காலை உங்களுக்கு எனாமல் வயர் அனுப்பும் கொழும்புக் கடைக்கு ஒரு போன் போட்டு, கிலோ என்ன விலை என்று கேட்டிருந்தால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்திருக்கும். வைண்டிங் கம்பியின் விலையில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் செம்பின் விலைதான். உலகத்தில் செம்பு உண்மையாகவே ஐந்தில் ஒரு பங்கு மலிந்திருந்தால், இறக்குமதிக்காரர் அடுத்த சரக்குக்காவது விலையைக் குறைத்தே ஆகவேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை. காரணம், அன்று விழுந்தது உலகச் செம்பு விலை அல்ல. அமெரிக்கா செம்புக்கு வரி போடும் என்ற எதிர்பார்ப்புக்கு இருந்த விலை.

HG1! என்பது நியூயோர்க்கின் கொமெக்ஸ் சந்தையில் நடக்கும் முன்பேர ஒப்பந்தம், அதாவது பின்னொரு மாதத்தில் ஒப்படைக்கும் செம்புக்கு இன்றே பேசும் விலை. ஒரு ஒப்பந்தம் 25,000 இறாத்தல். விலை ஒரு இறாத்தலுக்கு இத்தனை டொலர் என்று ஓடும். அந்தச் செம்பு அமெரிக்காவில் உள்ள களஞ்சியங்களில் ஒப்படைக்கப்பட வேண்டும். ஆகவே அது அமெரிக்க எல்லைக்கு உள்ளே இருக்கும் செம்பின் விலை. லண்டன் உலோகச் சந்தையில் ஒரு ஒப்பந்தம் 25 தொன், விலை தொன்னுக்கு டொலரில். அதன் களஞ்சியங்கள் பல நாட்டுத் துறைமுகங்களில் பரந்திருக்கின்றன. கொழும்பு இறக்குமதிக்காரர் பேரம் பேசும்போது அடிப்படையாக வைப்பது பெரும்பாலும் லண்டன் விலையைத்தான். சாதாரண காலத்தில் இரண்டும் ஒட்டியே நகரும். அதனால் எதைப் பார்த்தாலும் ஒன்றுதான் என்ற பழக்கம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. 2025இல் அந்தப் பழக்கம்தான் ஆளைக் கவிழ்த்தது.

இரண்டையும் ஒப்பிட ஒரேயொரு பெருக்கல் போதும். ஒரு தொன்னில் 2,204.62 இறாத்தல். நியூயோர்க் விலையை அதால் பெருக்கினால் தொன் விலை வரும். 2025 ஜூலை 8 அன்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் செம்புக்கு 50 வீத வரி வரும் என்று சொன்னார். அன்றே நியூயோர்க் விலை 13 வீதமளவில் பாய்ந்து, இறாத்தலுக்குச் சுமார் 5.69 டொலரில் நின்றது. பெருக்கிப் பாருங்கள், தொன் 12,500 டொலருக்கு மேல். அதே நாளில் லண்டனில் தொன் 9,800 டொலரளவு. ஒரே உலோகம், ஒரே நாள், நாலில் ஒரு பங்குக்கும் மேலான வித்தியாசம். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால், லண்டன் கணக்கில் ஒரு கிலோ செம்பு 2,900 ரூபாய் சொச்சம், நியூயோர்க் கணக்கில் 3,750 ரூபாய் சொச்சம். இடையில் இருக்கும் அந்த 800 ரூபாய் சொச்சம் எந்தத் தொழிற்சாலையின் தேவையாலும் வந்ததல்ல. வரி வந்த பிறகு கொண்டுவருவதைவிட இப்போதே கொண்டுவந்து வைப்பது இலாபம் என்ற கணக்கால் வந்தது.

ஜூலை 30 அன்று வெள்ளை மாளிகை அறிவித்தல் வெளிவந்தது. குழாய், கம்பி, தண்டு, தகடு போன்ற அரைகுறையாக முடித்த பொருட்களுக்கு வரி, ஆனால் சந்தையில் கைமாறும் சுத்திகரித்த செம்புக்கு வரி இல்லை. நமக்கு அது நள்ளிரவு நேரம். காத்திருந்த வரி வரவில்லை என்றதும் அந்த 800 ரூபாய் சொச்சமும் ஆவியாகிப் போனது. ஜூலை 31 அன்று நியூயோர்க் 20 வீதத்துக்கு மேல் இறங்கி 4.40 டொலருக்கு அருகில் வந்தது. பெருக்கினால் தொன் 9,700 டொலர் அளவு, அதாவது லண்டன் ஏற்கெனவே நின்ற இடம். லண்டன் அன்று சிறிதளவே இறங்கியது. நீங்கள் பார்த்தது, ஒரு இடைவெளி மூடிக்கொண்டதை.

இந்த இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. ஜூலை 31 அன்று அமெரிக்காவின் பெரிய கம்பனிகளின் பங்குச் சுட்டெண்ணான எஸ் அன்ட் பி 500 அரை வீதம் கூட இறங்கவில்லை. ஆனால் மறுநாள், ஓகஸ்ட் 1, அது 1.6 வீதம் விழுந்தது. "பார்த்தீர்களா, செம்பு ஒரு நாள் முன்பே சொல்லிவிட்டது" என்று உங்கள் கூட்டாளி சொல்லக்கூடும். ஓகஸ்ட் 1 வீழ்ச்சிக்குக் காரணம் அன்று காலை வந்த அமெரிக்க வேலைவாய்ப்பு அறிக்கை. அது எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது, முன்னைய மாதங்களின் எண்ணிக்கைகளும் பலமாகக் கீழே திருத்தப்பட்டிருந்தன. கூடவே பல நாடுகளுக்கான புதிய வரிகளும் அறிவிக்கப்பட்டிருந்தன. சுத்திகரித்த செம்புக்கு வரி விலக்கு என்ற அறிவித்தலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அடுத்தடுத்த நாட்களில் நடந்ததால் ஒன்று மற்றொன்றை முன்னறிவித்தது என்று எடுத்துக்கொண்டால், இந்த வரைபடத்தைப் படிப்பதில் முதல் பிழை அங்கேயே நேர்ந்துவிடும்.

ஆகவே முதல் வேலை: HG1! ஐ மட்டும் பார்ப்பதை விடுங்கள். லண்டனின் மூன்று மாத விலையை, அதாவது மூன்று மாதம் கழித்துக் கிடைக்கும் செம்பின் விலையை, பக்கத்தில் வைத்துப் பெருக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் இடைவெளி 5 வீதத்தைத் தாண்டினால், நியூயோர்க் வரைபடம் தொழில் தேவையைப் பற்றிப் பேசவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். அந்த நாட்களில் லண்டனை மட்டும் பாருங்கள். HG1! தொடர்பாக இன்னொரு சின்ன விடயம். அது ஒரு மாத ஒப்பந்தம் முடிய அடுத்த மாதத்துக்குத் தாவும் தொடர் வரைபடம். தாவும் நாளில் தெரியும் சின்னப் பாய்ச்சல் வெறும் மாத மாற்றம், அதற்கு அர்த்தம் தேடவேண்டாம்.

விலையைச் சரியான சந்தையில் பார்த்த பிறகு, அந்த விலை ஏன் நகர்ந்தது என்ற கேள்வி வருகிறது. செம்பு ஏறினால் தொழிற்சாலைகள் அதிகம் கேட்கின்றன என்று அர்த்தமா? பாதி நேரம்தான். மற்றப் பாதி நேரம் சுரங்கத்தில் ஏதோ நடந்திருக்கும். 2025 செப்டெம்பர் 8 அன்று இந்தோனேசியாவின் கிராஸ்பேர்க் சுரங்கத்தில் சேறு சரிந்து வேலை நின்றது. செப்டெம்பர் 24 அன்று, வாக்களித்த அளவு தரமுடியாது என்று சுரங்கக் கம்பனி அறிவித்ததும் லண்டன் விலை 10,300 டொலரைத் தாண்டியது. வரைபடத்தில் அது அழகான ஏற்றம். ஆனால் உலகத்தில் ஒரு மோட்டர்கூட அதிகமாகச் சுற்றப்படவில்லை. சொல்லப்போனால் செம்பு வாங்கும் தொழிற்சாலைக்கு அது கெட்ட செய்தி.

இதைப் பிரித்தறிய எளிதான, காசு செலவில்லாத வழி, பக்கத்து உலோகங்களைப் பார்ப்பது. அலுமினியம், துத்தநாகம் இரண்டும் செம்பு போகும் கட்டடம், வாகனம், மின் உபகரணம் இவற்றுக்கே போகின்றன, ஆனால் வேறு சுரங்கங்களில் இருந்து வருகின்றன. தேவை கூடினால் மூன்றும் சேர்ந்து ஏறும். செம்புச் சுரங்கம் ஒன்று மூடினால் செம்பு மட்டும் தனியே ஏறும். செப்டெம்பர் 24 அன்று செம்பு பாய்ந்த அளவுக்கு மற்ற இரண்டும் பாயவில்லை. இந்த ஒரு சோதனையே பெரும்பாலான நேரங்களில் போதும் என்பது என் கருத்து.

இதைவிட ஆழமாகப் போக விரும்பினால் உருக்காலைக் கூலியைப் பார்க்கலாம். சுரங்கம் செம்புத் தாதுத் தூளை உருக்காலைக்குக் கொடுக்கும்போது, உருக்கித் தருவதற்குக் கூலியும் கொடுக்கும். தூள் தாராளமாக இருந்தால் கூலி கூடும். தட்டுப்பாடு என்றால் ஆலைகள் தூளுக்காகப் போட்டி போட்டுக் கூலியைக் குறைக்கும். பனாமாவின் பெரிய சுரங்கம் 2023 கடைசியில் நீதிமன்றத் தீர்ப்போடு மூடப்பட்டது, சீனாவில் புதிய ஆலைகள் திறந்துகொண்டே போயின. 2024க்கான வருட அளவுகோல் கூலி தொன்னுக்கு 80 டொலர், 2025க்கு 21.25 டொலர். செம்பு ஏறிக்கொண்டிருக்கும்போது இந்தக் கூலி இப்படிச் சரிந்தால், ஏற்றத்தில் பெரிய பங்கு தட்டுப்பாட்டுக்கு உரியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

களஞ்சிய இருப்பைப் பார்ப்பவர்களும் உண்டு. இருப்பு குறைந்தால் தேவை கூடுகிறது என்பார்கள். இதிலும் 2025 ஒரு நல்ல பாடம். லண்டன் சந்தையின் களஞ்சியங்களில் பெப்ரவரியில் இரண்டரை இலட்சம் தொன்னுக்கு மேல் இருந்த செம்பு, ஜூன் கடைசியில் ஒரு இலட்சம் தொன்னுக்கும் கீழே போய்விட்டது. அதே ஜூனில், உடனே கையில் கிடைக்கும் செம்பின் விலை மூன்று மாதம் கழித்துக் கிடைக்கும் செம்பைவிடத் தொன்னுக்கு 300 டொலருக்கு மேல் ஏறி நின்றது. சந்தையில் இதைப் பாக்வர்டேசன் என்பார்கள். இந்த இரண்டையும் மட்டும் பார்த்தால் உலகத் தொழிற்சாலைகள் செம்பை அள்ளி விழுங்குகின்றன என்றே தோன்றும். உண்மையில் செம்பு கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தது. நியூயோர்க் சந்தையின் களஞ்சியங்களில் அதே அரையாண்டில் இருப்பு இரட்டிப்புக்கும் மேலானது. ஒரு களஞ்சியத்தில் குறைந்தது மற்றதில் கூடியது, அவ்வளவுதான். இருப்பைப் பார்ப்பதென்றால் லண்டன், நியூயோர்க், ஷங்காய் மூன்றையும் கூட்டியே பாருங்கள். கூட்டும்போது ஒரு கவனம்: நியூயோர்க் இருப்பு சின்னத் தொன்னில் தரப்படுகிறது. அது 2,000 இறாத்தல், ஏறத்தாழ 907 கிலோ. 0.907 ஆல் பெருக்காமல் கூட்டினால் கணக்குப் பிழைக்கும்.

ஷங்காய் இருப்புக்கும் ஒரு பருவம் உண்டு. சீனப் புத்தாண்டை ஒட்டித் தொழிற்சாலைகள் பூட்டப்படும், உருக்காலைகள் பூட்டப்படுவதில்லை. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே இருப்பு ஏறுவது வருடாவருடம் நடப்பது. பெப்ரவரியில் ஏறிய இருப்பை முந்திய மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், முந்திய வருடத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். உலகம் பாவிக்கும் சுத்திகரித்த செம்பில் பாதிக்கு மேல் சீனாவுக்குப் போகிறது. செம்பின் தேவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சீனத் தொழிற்சாலையின் தேவைதான்.

இனிப் பங்குச்சந்தைக்கு வருவோம். கூட்டாளி சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எப்போது உண்மை, எப்போது இல்லை என்பதைப் பழைய திருப்பங்களைக் கொண்டு பார்த்தால்தான் விளங்கும்.

எஸ் அன்ட் பி 500 உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது 2007 ஒக்டோபரில். செம்பு அதைப் பொருட்படுத்தாமல் ஏறி, 2008 ஜூலையில்தான் 8,900 டொலரளவில் உச்சம் தொட்டது. பங்குகள் திரும்பி ஒன்பது மாதங்களுக்குப் பிறகு. அந்த ஒன்பது மாதமும் செம்பை வைத்தியராக நம்பியவருக்கு, நோயாளி நல்ல சுகம் என்ற அறிக்கைதான் கிடைத்திருக்கும். பிறகு அதே வருடக் கடைசியில் 3,000 டொலருக்கும் கீழே விழுந்தது. அடிமட்டத்தில் மட்டும் செம்பு முந்திக்கொண்டது. அது 2008 டிசெம்பரில் தரை தொட்டது, பங்குகள் 2009 மார்ச்சில்.

2018இல் உங்கள் கூட்டாளி சொன்னதுபோலவே நடந்தது. ஜூனில் 7,300 டொலரில் இருந்த செம்பு, அமெரிக்க-சீன வர்த்தகச் சண்டை தொடங்கியதும் ஓகஸ்ட்டுக்குள் 6,000 டொலருக்குக் கீழே போனது. எஸ் அன்ட் பி செப்டெம்பர் வரை ஏறிவிட்டு, பிறகு நத்தாருக்குள் ஏறத்தாழ 20 வீதம் இழந்தது. 2020 மார்ச்சில் இரண்டும் நாலு நாள் இடைவெளியில் தரை தட்டின. செம்பு 19ஆம் திகதி, பங்குகள் 23ஆம் திகதி.

ஆனால் 2011 முதல் 2016 வரையான ஐந்து வருடத்தை எடுத்துப் பாருங்கள். 2011 பெப்ரவரியில் 10,190 டொலரில் இருந்த செம்பு, 2016 ஜனவரியில் 4,400 டொலருக்கும் கீழே வந்தது. பாதிக்கு மேல் போய்விட்டது. அதே காலத்தில் எஸ் அன்ட் பி 1,300 சொச்சத்தில் இருந்து 1,900க்கு ஏறியது. செம்பைப் பார்த்து விலகி நின்றவர் ஐந்து வருட ஏற்றத்தை வெளியே இருந்து பார்த்திருப்பார். விலை உச்சத்தில் இருந்தபோது தோண்டத் தொடங்கிய சுரங்கங்கள் எல்லாம் அந்த வருடங்களில் உற்பத்திக்கு வந்தன, சீனாவின் கட்டடவேகம் தணிந்தது, டொலர் பலமானது. அமெரிக்கக் கம்பனிகளின் இலாபத்துக்கு இவை மூன்றும் பெரிய தடையாக இருக்கவில்லை.

ஒன்பது மாதம் பிந்தியது ஒருமுறை, மூன்று மாதம் முந்தியது ஒருமுறை, எதிர்த்திசையில் ஐந்து வருடம் போனது ஒருமுறை. இப்படி ஓடும் மணிக்கூட்டை வைத்து விற்கும் நாளைக் குறிக்க முடியாது.

ஏன் இப்படி என்றால், செம்பு விலை இன்று தொழிற்சாலை வாங்குவதையும் இன்று சுரங்கம் தருவதையும் சொல்கிறது. பங்கு விலை இனி வரப்போகும் இலாபத்தையும், அந்த இலாபத்தை எந்த வட்டியில் கழித்துப் பார்ப்பது என்பதையும் சொல்கிறது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று, உலகப் பொருளாதாரம் வளருமா சுருங்குமா என்ற எண்ணம். 2008 கடைசியிலும் 2020 மார்ச்சிலும் போல அந்த எண்ணமே எல்லாவற்றையும் இழுத்துச் செல்லும் காலத்தில் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல நகரும். வட்டி வீதமோ ஒருசில தொழில்நுட்பக் கம்பனிகளின் இலாபமோ சந்தையை இழுக்கும் காலத்தில் செம்பு வேறு வழியில் போகும். எஸ் அன்ட் பி 500இன் நிறையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தொழில்நுட்பத் துறை. சுரங்கம், இரசாயனம், சீமெந்து போன்ற மூலப்பொருள் துறை 2 வீதமளவுதான். அந்தச் சுட்டெண்ணிடம் செம்பின் மனநிலையை எதிர்பார்ப்பது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை இந்த இரண்டு எண்ணிக்கைகளே காட்டுகின்றன. சுரங்கக் கம்பனிகள், இயந்திரம் செய்யும் கம்பனிகள், ஏற்றுமதி செய்யும் நாடுகளின் சந்தைகள் ஆகியவற்றோடுதான் செம்பு நெருங்கிப் போகும்.

நாளுக்கு நாள் பார்ப்பதை விட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை தோறும் ஐந்து எண்களை ஒரு எக்செல் தாளில், முதல் வரியைத் தலைப்புக்கு விட்டு, இரண்டாம் வரியிலிருந்து எழுதுங்கள். திகதி A நிரலில். லண்டன் மூன்று மாத விலைகள்: செம்பு B இல், அலுமினியம் C இல், துத்தநாகம் D இல். எஸ் அன்ட் பி 500 E இல், மற்றப் பெரிய நாணயங்களுக்கு எதிரே டொலரின் பலத்தைக் காட்டும் டொலர் சுட்டெண் F இல். பதின்மூன்று வாரம், அதாவது ஒரு காலாண்டு கடந்து, பதினாலாவது வெள்ளிக்கிழமையின் எண்கள் 15ஆம் வரியில் சேர்ந்ததும், மாற்றத்தை வீதமாகக் கணக்கிடுங்கள்:

```
=(B15/B2-1)*100
```

இதை மற்ற நிரல்களுக்கும் இழுத்துவிடலாம். விலையை விலையோடு ஒப்பிடாமல் மாற்றத்தை மாற்றத்தோடு ஒப்பிடுவது முக்கியம். இரண்டு பொருள் பல வருடமாக ஏறிக்கொண்டிருந்தால், தொடர்பே இல்லாவிட்டாலும் இரண்டு கோடுகளும் ஒன்றுபோலத் தெரியும்.

செம்பின் 13 வார மாற்றம் கூட்டலோ கழித்தலோ 5 வீதத்துக்குள் இருந்தால், அதில் செய்தி ஒன்றும் இல்லை என்று விட்டுவிடுங்கள். மூன்று உலோகமும் ஒரே திசையில் 5 வீதத்தைத் தாண்டினால்தான் தேவை பேசுகிறது. அப்போதும் டொலர் சுட்டெண் எதிர்த்திசையில் அதேயளவு நகர்ந்திருந்தால் அது நாணயத்தின் வேலை. டொலர் பலமானால் டொலரில் விலை சொல்லப்படும் எதுவும் இறங்கியதுபோலத் தெரியும். சந்தேகம் இருந்தால் ஷங்காய் விலை யுவானில் எவ்வளவு மாறியது என்று பாருங்கள். அந்த விலையில் சீன வற் வரியும் அடங்கியிருப்பதால் மட்டத்தை லண்டனோடு ஒப்பிடக்கூடாது, மாற்றத்தை ஒப்பிடலாம். 5 வீதம் என்ற கோடு எங்கும் எழுதிய விதி அல்ல, என் தெரிவு. அதைவிடக் குறைத்தால் சத்தம்தான் அதிகம் கேட்கும்.

நீங்கள் விற்ற அந்த வாரத்தையே இந்தத் தாளில் போட்டுப் பார்ப்போம். 2025 மே 2 வெள்ளிக்கிழமை லண்டன் செம்பு 9,350 டொலரளவு. 13 வாரம் கழித்து ஓகஸ்ட் 1 அன்று 9,600 அளவு. ஏற்றம் மூன்று வீதத்துக்குள். எஸ் அன்ட் பி மே 2 அன்று 5,687, ஓகஸ்ட் 1 அன்று, அந்த 1.6 வீத வீழ்ச்சிக்குப் பிறகும், 6,238. ஏற்றம் 9.7 வீதம். ஆகவே தாள் சொல்வது: பங்குகள் உற்சாகமாக இருக்கின்றன, செம்பு அதை உறுதிப்படுத்தவும் இல்லை, மறுக்கவும் இல்லை. விற்கச் சொல்லும் எண் எதுவும் அதில் இல்லை. இதே 13 வாரத்தை HG1! ஐ வைத்துக் கணக்கிட்டால் இறக்கம் என்று வரும். ஏனென்றால் மே தொடக்கத்திலேயே நியூயோர்க் விலையில் வரி எதிர்பார்ப்பு ஏறியிருந்தது. பிழையான சந்தையைப் பார்த்தால் பொறுமையான கணக்கும் பிழையாகவே முடியும்.

மூன்று உலோகமும் இறங்கி, பங்குகள் ஏறிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? உடனே விற்பதற்கு அது காரணம் இல்லை. இன்னும் நாலு வாரம் எழுதுங்கள். சீனக் கொள்வனவு முகாமையாளர் சுட்டெண்ணையும் பாருங்கள், அது மாதக் கடைசியில் வரும், 50க்குக் கீழே என்றால் உற்பத்தி சுருங்குகிறது. அதுவும் சேர்ந்து சரிந்தால், உலகத் தேவையை நம்பியிருக்கும் பங்குகளில் புதிதாகப் பணம் போடுவதைத் தள்ளிவைக்கலாம். செம்பு வரைபடத்தால் நான் எடுக்கத் துணிவது அந்த அளவு முடிவுதான்.

கொழும்புக்கு வந்தால் அந்த அளவும் மிஞ்சாது. இலங்கையில் செம்புச் சுரங்கம் பங்குச்சந்தையில் இல்லை. சந்தையின் நிறை வங்கிகளிலும் பல்துறைக் கம்பனிகளிலும் இருக்கிறது. அவற்றை ஆட்டுவது வட்டியும் ரூபாயும் அரச கடனும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. 2023 ஜூன் 1 அன்று 2.5 வீதப் புள்ளி குறைத்தது. அந்த ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டபோது, வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் அதில் சேர்க்கப்படவில்லை. ஜூன், ஜூலை இரண்டு மாதத்துக்குள் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 20 வீதத்துக்கு மேல் ஏறியது. அதே இரண்டு மாதமும் லண்டன் செம்பு 8,000 டொலருக்கும் 9,000 டொலருக்கும் இடையே ஊர்ந்துகொண்டிருந்தது. உங்கள் வங்கிப் பங்குகளுக்குச் செம்பு வரைபடத்தில் பதில் இல்லை. மத்திய வங்கியின் நாணயக் கொள்கை அறிவித்தலிலும் திறைசேரி உண்டியல் ஏலத்தின் வட்டியிலும் இருக்கிறது.

உள்ளூர்த் தொழில் தேவையை அறிய விரும்பினாலும் செம்பைவிட நல்ல அளவுகோல் பக்கத்திலேயே இருக்கிறது. மத்திய வங்கி மாதந்தோறும் தயாரிப்புத் துறைக்கும் நிர்மாணத் துறைக்கும் தனித்தனியாகக் கொள்வனவு முகாமையாளர் சுட்டெண் வெளியிடுகிறது, தமிழிலும் கிடைக்கும். திருகோணமலையில் சீமெந்து ஆலை இருப்பதால் உங்கள் ஊரில் பலர் கிளிங்கர் கப்பல் வரவையும் லொறி ஓட்டத்தையும் வைத்தே நிர்மாண வேலை எப்படி என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கண்கணக்கை இந்தச் சுட்டெண்ணோடு வைத்துப் பார்ப்பது, நியூயோர்க் வரைபடத்தைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

செம்பு உண்மையாகவே தொடும் பங்கு உங்களிடம் ஒன்று இருக்கிறது, கேபிள் கம்பனி. அங்கே செம்பு தேவையின் அளவுகோல் அல்ல, செலவு. செம்பு மெதுவாக ஏறினால் கேபிள் கம்பனிக்குப் பெரும்பாலும் நட்டம் இல்லை. பழைய விலையில் வாங்கிய செம்பு களஞ்சியத்தில் இருக்கும், கேபிளைப் புது விலையில் விற்கும், அந்தக் காலாண்டில் இலாபம் கூடித் தெரியும். வேகமாக இறங்கும்போதுதான் அடி. அதிக விலைக்கு வாங்கிய சரக்கு உள்ளே கிடக்க, கடைக்காரர்கள் குறைந்த விலை கேட்பார்கள். இதற்கு டொலர் விலை மட்டும் போதாது, ரூபாயால் பெருக்க வேண்டும். 2022 மார்ச்சில் லண்டன் செம்பு 10,800 டொலரைத் தொட்டு ஜூலையில் 7,000 டொலரளவுக்கு இறங்கியது, மூன்றில் ஒரு பங்கு இறக்கம். அதே நேரத்தில் டொலர் 200 ரூபாய் சொச்சத்தில் இருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியது. பெருக்கிப் பாருங்கள்: மார்ச் தொடக்கத்தில் கிலோ 2,160 ரூபாய், ஜூலையில் 2,520 ரூபாய். உலகச் சந்தையில் செம்பு சரிந்துகொண்டிருந்தபோது இங்கே கேபிளும் வைண்டிங் கம்பியும் விலை ஏறியது இதனால்தான். அந்த மாதங்களின் பில்கள் உங்கள் கடையில் இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள், கணக்கு ஒத்துப்போகும்.

ஆகவே கேபிள் பங்குக்குத் தாளில் G என்று இன்னொரு நிரல் போடுங்கள். லண்டன் செம்பு விலையை அன்றைய டொலர் விற்பனை விலையால் பெருக்கி 1,000ஆல் பிரித்தால் கிலோவுக்கு ரூபாயில் செம்பு விலை. அதன் 13 வார மாற்றம் 10 வீதத்துக்கு மேல் இறங்கினால், கம்பனியின் அடுத்த காலாண்டு அறிக்கையில் இரண்டு வரிகளைத் தேடுங்கள்: கையிருப்புச் சரக்கின் பெறுமதி, மொத்த இலாபம். சரக்கு பெரிதாகவும் மொத்த இலாப வீதம் சுருங்கியும் இருந்தால், செம்பின் இறக்கம் உள்ளே போய்விட்டது. விற்றுவிட்ட பாதியில் கேபிள் பங்கு எவ்வளவு, வங்கிப் பங்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. கேபிள் பங்கைத் திரும்ப வாங்குவதா என்பதை இந்த நிரலும் அந்த இரண்டு வரிகளும் பார்த்து முடிவெடுங்கள். வங்கிப் பங்குக்கு அடுத்த நாணயக் கொள்கை அறிவித்தல் வரை பொறுத்திருக்கலாம்.